மைதானத்துக்கு எத்தனை பேர் வருவார்கள்? டிக்கெட் திட்டமிடலுக்கான கணிப்பு, படிப்படியாக

கூட்டம் எவ்வளவு என்று கேட்டால் டிக்கெட் கவுண்டர் ஒரு எண்ணைச் சொல்லும், நுழைவு கேட் இன்னொரு எண்ணைச் சொல்லும். இரண்டுக்கும் நடுவே இரண்டாயிரம் பேர் வித்தியாசம் இருப்பது சாதாரணம். கணிப்பு மாடல் போடுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். எந்த எண்ணைக் கணிக்கிறோம் என்று முடிவு செய்யாமலே எதிரணி, மழை, கிழமை, ஃபார்ம் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறிவிடுகிறார்கள். மழை டிக்கெட் விற்பனையைக் கெடுத்ததா, டிக்கெட் வாங்கியவரை வீட்டிலேயே உட்கார வைத்ததா என்று அப்புறம் பிரித்துப் பார்க்க வழியில்லை.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணம்தான். 20 அணிகள் ஆடும் கால்பந்து லீக்கில் ஒரு அணி. சொந்த மைதானத்தில் சீசனுக்கு 19 ஆட்டம். மைதானத்தில் 20,000 இருக்கை. அதில் 8,000 சீசன் டிக்கெட்காரர்களுடையது, 1,500 எதிரணி ரசிகர்களுக்கு ஒதுக்கியது, இரு தரப்பையும் பிரித்து வைக்கக் காலியாக விடுவது 500. மிச்சம் 10,000 இருக்கைதான் ஆட்டத்துக்கு ஆட்டம் விற்க வேண்டியது. எண்கள் எல்லாம் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் மைதானத்தின் எண்களைப் போட்டால் விடை மாறும், வழி மாறாது.

## 1. இரண்டு மாடல், ஒன்று அல்ல

முதல் மாடல் கணிப்பது தனி டிக்கெட் எத்தனை விற்கும் என்பதை. சீசன் டிக்கெட் ஏற்கெனவே விற்றுப் போனது, எதிரணி ஒதுக்கீட்டை அவர்கள் கிளப்பே விற்கிறது; நம் கையில் இருப்பது அந்த 10,000 மட்டும். எந்த கேலரியைத் திறப்பது, எப்போது விளம்பரம் கொடுப்பது, விலையை எங்கே வைப்பது என்பதெல்லாம் இந்த எண்ணை நம்பியவை.

இரண்டாவது மாடல் கணிப்பது டிக்கெட் வைத்திருப்பவரில் எத்தனை பேர் கேட்டைத் தாண்டுவார்கள் என்பதை. கேட்டில் நிற்கும் ஆட்கள், பாதுகாப்பு, உணவுக் கடைகள், வாகன நிறுத்தம் எல்லாம் இதை நம்பியவை. இதற்கு ஸ்கேனர் எண்ணிக்கைதான் ஆதாரம். அறிவிப்புப் பலகையில் போடும் ‘இன்றைய வருகை’ பல லீக்குகளில் விற்ற டிக்கெட்டின் கணக்கு; அதை வைத்து இரண்டாவது மாடலைப் பழக்கினால், ஒரு சீசன் டிக்கெட்காரர்கூட வீட்டில் தங்குவதில்லை என்று அது கற்றுக்கொள்ளும்.

இப்படிப் பிரித்துவிட்டால் நான்கு காரணிகளும் தம் இடத்தில் தாமாகவே உட்கார்ந்துவிடும். எதிரணியும் கிழமையும் ஃபார்மும் பெரும்பாலும் முதல் மாடலின் சரக்கு. மழையின் வேலை பெரும்பாலும் இரண்டாவதில்.

## 2. ஒரு ஆட்டத்துக்கு ஒரு வரி

ஐந்து சீசன் டேட்டா இருந்தால் 95 வரி. அவ்வளவுதான், அதற்கு மேல் கிடைக்காது. 95 வரிக்கு எட்டு, ஒன்பது காரணிக்கு மேல் தாங்காது. கிரேடியன்ட் பூஸ்டிங் போன்ற பெரிய ஆயுதங்கள் இங்கே பழைய ஆட்டங்களை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும். அடுத்த ஆட்டத்தில் திணறும். சாதாரண ரிக்ரெஷன், கொஞ்சம் கடிவாளத்தோடு, போதும்.

தேதி, தொடங்கும் நேரம், எதிரணி என்பவற்றோடு ஒவ்வொரு வரியிலும் கட்டாயம் இருக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அந்த ஆட்டத்துக்கு உண்மையில் விற்பனைக்கு வைத்த இருக்கைகள். ஒரு கேலரி பழுதுபார்ப்புக்காக மூடியிருந்த நாளில் 7,000 விற்றதும், முழுதும் திறந்திருந்த நாளில் 7,000 விற்றதும் ஒன்றல்ல. இரண்டாவது, ஆட்டத்துக்கு 28 நாள், 7 நாள், 1 நாள் முன்பு வரை விற்ற எண்ணிக்கை. இறுதி எண்ணிக்கையை மட்டும் எடுத்து வைத்துவிட்டு இதை விட்டுவிடுவார்கள். டிக்கெட் மென்பொருளில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நேரமுத்திரை இருக்கும், அதிலிருந்து பின்னோக்கி எண்ணி எடுக்கலாம். ரத்தான டிக்கெட்டை ரத்தான தேதியில் கழியுங்கள். வாங்கிய தேதியிலேயே கழித்தால், அன்று யாருக்கும் தெரியாத செய்தி பழைய நாளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இலவச பாஸ்களைத் தனிப் பத்தியில் வையுங்கள். காசு கொடுத்து வாங்கியவரும் ஓசியில் வாங்கியவரும் மழை நாளில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. கோப்பை ஆட்டங்களுக்குச் சீசன் டிக்கெட் செல்லாது என்றால் அவற்றையும் இந்தப் பட்டியலில் கலக்காதீர்கள். கொரோனா காலத்து ஆட்டங்கள் வேண்டவே வேண்டாம். 2020 மே 16 அன்று ஜெர்மனியின் பண்டஸ்லிகா மீண்டும் தொடங்கியது காலி அரங்கில்; மற்ற பல லீக்குகளிலும் அதே கதைதான். கட்டுப்பாடு நீங்கும்வரை பாதி இருக்கையோடு நடந்த ஆட்டங்களும் தேவைக்கு அளவுகோல் ஆகாது.

## 3. ஹவுஸ்ஃபுல் ஆட்டம் சொல்லாத செய்தி

10,000 இருக்கையும் விற்றுத் தீர்ந்த ஆட்டத்துக்கு உண்மையான தேவை எவ்வளவு? 10,100 ஆகவும் இருக்கலாம், 18,000 ஆகவும் இருக்கலாம். பதிவேட்டில் இரண்டும் 10,000 என்றுதான் நிற்கும். அதை அப்படியே ரிக்ரெஷனில் போட்டால், பெரிய எதிரணியின் ஈர்ப்பை மாடல் குறைத்து மதிப்பிடும். அதே பெரிய எதிரணி அடுத்த முறை புதன் இரவில் வரும்போதுதான் குட்டு வெளிப்படும். சனிக்கிழமை ஹவுஸ்ஃபுல் எண்ணிக்கையிலிருந்து புதன்கிழமைக்கான கழிவைக் கழித்து 7,400 என்று மாடல் சொல்லும். உண்மையில் புதனும் ஹவுஸ்ஃபுல் ஆகும், ஏனென்றால் சனிக்கிழமையே பல ஆயிரம் பேர் டிக்கெட் கிடைக்காமல் திரும்பியிருக்கிறார்கள்.

இந்த மாதிரி உச்சவரம்பில் முட்டி நிற்கும் அளவுகளுக்குப் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் டோபின் 1958இல் கொடுத்த வழி இன்னும் நன்றாக வேலை செய்கிறது. ஹவுஸ்ஃபுல் ஆகாத ஆட்டத்துக்குத் தேவை சரியாக இவ்வளவு என்று மாடலிடம் சொல்கிறோம். ஹவுஸ்ஃபுல் ஆன ஆட்டத்துக்குத் தேவை குறைந்தது இவ்வளவு என்று மட்டும் சொல்கிறோம். பைத்தானில் பத்து வரி போதும்:

```python
import numpy as np
from scipy.optimize import minimize
from scipy.stats import norm

def nll(p, X, y, full, lam):
    b, s = p[:-1], np.exp(p[-1])
    z = (y - X @ b) / s
    ll = np.where(full, norm.logsf(z), norm.logpdf(z) - np.log(s))
    return -ll.sum() + lam * (b[1:] ** 2).sum()

p0 = np.r_[y.mean(), np.zeros(X.shape[1])]
fit = minimize(nll, p0, args=(X, y, full, 1.0), method="BFGS")
```

`y` என்பது விற்ற தனி டிக்கெட்டின் மடக்கை, `np.log(sold)`. `X`-இன் முதல் பத்தி முழுக்க 1. `full` என்பது விற்றுத் தீர்ந்த ஆட்டங்களுக்கு மட்டும் `True`. `return` வரியில் `lam` போடும் கடிவாளம் குணகங்களைச் சுழியை நோக்கி இழுக்கும். 95 வரியில் அது இல்லாமல் ஆடக்கூடாது. மடக்கை எடுப்பதற்குக் காரணம், காரணிகள் கூட்டலாக வேலை செய்வதைவிடப் பெருக்கலாக வேலை செய்வதுதான். புதன் இரவு 1,500 பேரைக் குறைக்கும் என்பதைவிட, தேவையை 0.74 மடங்காக்கும் என்பது சிறிய எதிரணிக்கும் பெரிய எதிரணிக்கும் பொருந்தும்.

‘விற்றுத் தீர்ந்தது’ என்பதற்கு எல்லை வைக்கும்போது 100 சதவீதம் என்று வைக்காதீர்கள். கம்பம் மறைக்கும் இருக்கை, வரிசைக்கு ஒன்று என்று சிதறி நிற்கும் ஒற்றை இருக்கை ஆகியவை கடைசிவரை போகாது. இருவர் சேர்ந்து உட்கார இடமில்லாத நிலையே ஹவுஸ்ஃபுல்தான். 97 அல்லது 98 சதவீதத்தைத் தாண்டினால் `full` என்று குறிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

10 நாள் முன்பே தீர்ந்த ஆட்டத்தின் உண்மைத் தேவையை விற்பனை வேகத்தை வைத்து நீட்டிப் பார்க்கும் பழக்கமும் உண்டு. மற்ற ஆட்டங்களில் 10 நாள் முன்பு 60 சதவீதம் விற்றிருக்கும், ஆகவே இதற்கு 10,000 ÷ 0.60, அதாவது 16,700 என்பது அந்தக் கணக்கு. இது எப்போதும் மிகையாகத்தான் வரும். தீர்ந்துவிடும் என்று தெரிந்த ஆட்டத்துக்கு ரசிகர்கள் முன்கூட்டியே முண்டியடித்து வாங்குவார்கள், வேகத்தின் வடிவமே வேறு. மேல் எல்லை என்ற அளவில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## 4. எதிரணி, கிழமை, ஃபார்ம்

எதிரணியை 19 தனித்தனி பத்தியாகப் போட இடமில்லை. சீசன் தொடங்கும் முன்பே எதிரணிகளை மூன்று வகையாகப் பிரித்து எழுதி வையுங்கள்: பெரிய ஈர்ப்பு, நடுத்தரம், சாதாரணம். பக்கத்து ஊர் அணியோடு நடக்கும் டெர்பிக்குத் தனிக் குறி. முன்பே எழுதி வைப்பது முக்கியம். ஆட்டம் முடிந்து கூட்டத்தைப் பார்த்த பிறகு வகையை மாற்றினால், விடையைப் பார்த்துக் கேள்வி எழுதியது போலாகும்.

வகைக்குள் ஒவ்வொரு எதிரணிக்கும் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கும். அதற்கு அந்த அணியோடு நடந்த பழைய ஆட்டங்களில் மாடல் தவறவிட்ட மிச்சத்தின் சராசரியை எடுத்து, ஆட்ட எண்ணிக்கைக்கு ஏற்பச் சுருக்குங்கள். சுருக்கம் n ÷ (n + 3). நம் எதிரணியோடு 2 ஆட்டம் நடந்திருக்கிறது, சராசரி மிச்சம் +0.30 என்றால், 0.30 × 2 ÷ 5 = 0.12. புதிதாக லீக்குக்கு ஏறி வந்த அணிக்கு n சுழி, வகையின் சராசரி மட்டும் நிற்கும்.

கிழமையைத் திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழாக உடைக்க வேண்டியதில்லை. வார நாள் இரவு, வார இறுதிப் பகல், வார இறுதி இரவு என்ற மூன்று போதும். பொது விடுமுறை நாளை வார இறுதியோடு சேருங்கள். தேதி மாறிய ஆட்டங்களில் மட்டும் கவனம் தேவை. சனிக்கிழமைக்கென்று விற்ற டிக்கெட், தொலைக்காட்சிக்காகப் புதனுக்கு மாறியிருந்தால், விற்பனை சனிக்கிழமையின் வேகத்தில் நடந்திருக்கும், வருகை புதனுக்கும் கீழே விழும். மாற்றம் அறிவித்த தேதியையும் ஒரு பத்தியில் குறித்துவிடுங்கள்.

ஃபார்மைப் பொறுத்தவரை, கிளப் நிர்வாகம் நினைக்கும் அளவுக்கு அதற்கு வலு இருப்பது அரிது. கடைசி 5 ஆட்டத்தின் புள்ளிகள் என்பது மிகவும் ஆடக்கூடிய அளவு. அந்த ஐந்தும் யாரோடு நடந்தன என்பதும் அதில் தெரியாது. அதனால் இதையும் சுருக்க வேண்டும். வெற்றிக்கு 3, டிராவுக்கு 1 என்ற முறையில், நான்கில் ஒரு ஆட்டம் டிரா ஆனால் ஓர் அணியின் சராசரி ஏறக்குறைய 1.4 புள்ளி வரும். மூன்று கற்பனை ஆட்டங்களை அந்தச் சராசரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி 5 ஆட்டத்தில் 10 புள்ளி என்றால் (10 + 3 × 1.4) ÷ 8 = 1.775. சராசரியைக் கழித்தால் 0.375. சீசனின் முதல் ஆட்டத்துக்கு இது தானாகவே சுழியாகிவிடும், ‘ஃபார்ம் இல்லை’ என்று காலியாக விட வேண்டியதில்லை.

ஃபார்மில் இன்னொரு பொறி. 28 நாள் முன்பு போடும் கணிப்புக்கு, 28 நாள் முன்பு இருந்த ஃபார்மைத்தான் கொடுக்க வேண்டும். ஆட்ட நாளின் காலைவரை உள்ள புள்ளிகளை வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு 28 நாள் முன்பு பயன்படுத்தினால், சோதனையில் அருமையாக இருந்த மாடல் களத்தில் சொதப்பும். புள்ளிப்பட்டியலில் சீசன் முடிவில் கிடைத்த இடத்தை முதல் மாத ஆட்டத்துக்குக் காரணியாகப் போடுவது இதே தவறின் பெரிய அண்ணன்.

டிக்கெட் விலையைக் காரணியாகச் சேர்க்க ஆசை வரும். சேர்த்துப் பாருங்கள், விலை கூடினால் கூட்டமும் கூடும் என்று குணகம் வரும்! பெரிய எதிரணி வரும்போது கிளப்பே விலையை ஏற்றியிருக்கிறது, அதுதான் விஷயம். விலையின் விளைவை அறிய வேண்டுமானால் ஒரே வகை ஆட்டங்களில் வேண்டுமென்றே விலையை மாற்றிப் பார்த்திருக்க வேண்டும். பழைய பதிவேட்டை எவ்வளவு புரட்டினாலும் அது கிடைக்காது.

## 5. 28 நாள் முன்: மேல் கேலரியைத் திறப்பதா?

இப்போது கணக்கு. வார இறுதிப் பகலில், நடுத்தர எதிரணியோடு, சராசரி ஃபார்மில் 6,000 தனி டிக்கெட் விற்கும் என்று மாடல் சொல்கிறது. நம் ஆட்டம் நடுத்தர எதிரணியோடு, புதன் இரவு. வார நாள் இரவின் குணகம் −0.30, எதிரணிக்கு +0.12, ஃபார்முக்கு ஒரு புள்ளிக்கு 0.25 வீதம் 0.375 × 0.25 = +0.09. கூட்டினால் −0.09, அதாவது 0.92 மடங்கு. கணிப்பு ஏறக்குறைய 5,500.

இந்த ஒற்றை எண்ணை மட்டும் மேலிடத்துக்கு அனுப்பாதீர்கள். 28 நாள் முன்பு போட்ட கணிப்புகளின் பிழை மடக்கை அளவில் 0.22 என்று பழைய ஆட்டங்கள் காட்டினால், பத்தில் எட்டு முறை விடை விழும் எல்லைக்கு 1.28 × 0.22 = 0.28; 5,500-ஐ e-இன் ±0.28 அடுக்கால் பெருக்கினால் அது கிடைக்கும்: சுமார் 4,150 முதல் 7,300 வரை.

இப்போது முடிவு எடுக்க வேண்டியது மேல் கேலரி பற்றி. அதை மூடினால் விற்க 7,000 இருக்கை மட்டும். திறந்தால் ஆட்கள், சுத்தம், விளக்கு எல்லாம் சேர்த்து 400 டிக்கெட் விற்ற பணம் செலவு என்று வைத்துக்கொள்வோம். மேல் எல்லை 7,300 என்று இருக்கிறதே, திறந்துவிடலாமா? மூடினால் எத்தனை விற்பனை கை நழுவும் என்பதைச் சராசரியாகப் பார்க்க வேண்டும்:

```python
d = np.random.lognormal(np.log(5500), 0.22, 100_000)
print((d > 7000).mean(), np.maximum(d - 7000, 0).mean())
```

தேவை 7,000-ஐத் தாண்ட வாய்ப்பு ஏறக்குறைய 14 சதவீதம். நழுவும் விற்பனை சராசரியாக 120 டிக்கெட்டுக்கு உள்ளேதான். 400 டிக்கெட் செலவு செய்து 120 டிக்கெட்டைக் காப்பாற்ற வேண்டாம். மேல் கேலரி மூடியே இருக்கட்டும், 7 நாள் முன்பு மறுபடி பார்ப்போம். தாமதமாகத் திறக்க முடியாத ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே இப்போதே முடிவெடுக்கும் கட்டாயம் வரும்.

மூடி வைத்து 7,000-மும் விற்றுவிட்டால், அந்த ஆட்டத்தின் வரியில் `full` என்று குறிக்க மறக்கக்கூடாது. மறந்தால், புதன் இரவில் 7,000-க்கு மேல் போகாது என்று மாடல் நம்பத் தொடங்கும், அடுத்த புதனும் கேலரி மூடியிருக்கும், அந்த நம்பிக்கை இன்னும் இறுகும். நம் முடிவே டேட்டாவாகித் திரும்பி வரும் இந்தச் சுழலைப் பல சீசன் யாரும் கவனிக்காமல் இருக்க முடியும்.

## 6. 7 நாள் முன்: விற்பனையே பேசட்டும்

ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, இதுவரை விற்ற எண்ணிக்கையைவிட நல்ல காரணி வேறில்லை. வார நாள் இரவு, நடுத்தர எதிரணி ஆட்டங்களில் 7 நாள் முன்பு வரை இறுதி விற்பனையில் 52 சதவீதம் போயிருக்கும் என்பது பழைய அனுபவம் என்று வைப்போம். இப்போது 2,600 விற்றிருக்கிறது. 2,600 ÷ 0.52 = 5,000. இந்த முறையின் பிழை 0.14.

முதல் மாடல் 5,500 என்கிறது, விற்பனை வேகம் 5,000 என்கிறது. இரண்டையும் பிழையின் வர்க்கத்துக்குத் தலைகீழான எடையில் கலக்கலாம். 0.22-க்கும் 0.14-க்கும் அப்படிப் போட்டால் எடை 0.29-உம் 0.71-உம். மடக்கை அளவில் கலந்தால் சுமார் 5,140. கலந்த கணிப்பின் பிழையை மட்டும் சூத்திரத்திலிருந்து எடுக்காதீர்கள். இரண்டும் ஒரே காரணத்தால் ஒரே பக்கம் தவறும் நாட்கள் உண்டு, ஆகவே சூத்திரம் தரும் 0.12 கொஞ்சம் துணிச்சலான எண். பழைய ஆட்டங்களில் கலந்து பார்த்து அளந்தால் 0.13 என்று வருகிறது என்போம். எல்லை இப்போது 4,350 முதல் 6,070. தேவை 7,000-ஐத் தொட நூற்றில் ஒன்றுகூட வாய்ப்பில்லை. மேல் கேலரி பேச்சு முடிந்தது.

இந்த 52 சதவீதம் கெடும் இடம் ஒன்று. விற்பனை தொடங்கும் தேதி மாறினால், அல்லது இடையில் பாதி விலைச் சலுகை ஓடினால், வேகத்தின் வடிவமே உடைந்துவிடும். சலுகை ஓடிய ஆட்டங்களைச் சதவீதக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுப் பாருங்கள்.

## 7. மழையின் இடம்

28 நாள் முன்பு ஆட்ட நாளின் வானிலைக்கு நம்பத்தக்க முன்னறிவிப்பு என்று எதுவும் இல்லை. அந்த மாதத்தின் வழக்கமான மழைதான் இருக்கிறது. அது மாதத்தோடு ஒட்டியே வருவதால் தனிக் காரணி வேண்டாம். 7 நாள் முன்பு ஓரளவு நம்பலாம், கடைசி இரண்டு நாளில் நன்றாக நம்பலாம்.

வானிலையில் நடக்கும் பெரிய ஏமாற்று, நடந்த மழையை வைத்துப் பழக்கிவிட்டு முன்னறிவிப்பை வைத்துக் கணிப்பது. ERA5 போன்ற பழைய வானிலைப் பதிவில் அன்று பெய்த மழை இருக்கும். ஆனால் கணிப்பு போடும் நாளில் கையில் இருப்பது ‘மழைக்கு 60 சதவீத வாய்ப்பு’ என்ற வரி மட்டும். இரண்டு வழி உண்டு. முன்னறிவிப்பை அது வெளியான நாளிலேயே சேமித்து வைத்திருந்தால் அதையே காரணியாக்கலாம். இன்றிலிருந்தாவது சேமிக்கத் தொடங்குங்கள். இல்லாவிட்டால், நடந்த மழையை வைத்துப் பழக்கி, கணிக்கும்போது மழை பெய்தால் ஒரு கணக்கு, பெய்யாவிட்டால் ஒரு கணக்கு என்று இரண்டும் போட்டு, 60-க்கு 40 என்று எடை போட்டுக் கலக்கலாம்.

அளவும் முக்கியம். நாள் முழுவதன் மழை மில்லிமீட்டரை எடுத்தால் நள்ளிரவில் கொட்டிய மழையும் சேர்ந்துவிடும். ஆட்டம் தொடங்கும் முன் நான்கு மணி நேரத்தில் பெய்ததா என்பதுதான் கேள்வி. வீட்டை விட்டுக் கிளம்புவதா வேண்டாமா என்று யோசிக்கும் நேரம் அதுதான். கூரை இல்லாத கேலரிக்கும் கூரை உள்ள கேலரிக்கும் வருகை விகிதத்தைத் தனியாகப் போட முடிந்தால் இன்னும் நல்லது.

நம் ஆட்டத்துக்கு வருவோம். வார நாள் இரவில் சீசன் டிக்கெட்காரர்கள் மழையில்லாமல் 80 சதவீதமும், மழையில் 72 சதவீதமும் வருகிறார்கள். தனி டிக்கெட் வாங்கியவர்கள் 94-உம் 90-உம். எதிரணி ரசிகர்கள் 900 டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள், அவர்களில் 97 சதவீதம் வருவார்கள். அவ்வளவு தூரம் பயணம் ஏற்பாடு செய்தவர் மழைக்கு நிற்கமாட்டார். மழை பெய்தால் 5,760 + 4,626 + 873, மொத்தம் 11,260. பெய்யாவிட்டால் 6,400 + 4,832 + 873, மொத்தம் 12,100. 60-க்கு 40 கலந்தால் 11,600.

வெளியே போன டிக்கெட் 8,000 + 5,140 + 900 = 14,040. கேட்டுக்கு வருபவர் 11,600. மழை உண்டு, இல்லை என்பதன் வித்தியாசம் 850 பேர்தான். டிக்கெட்டுக்கும் கேட்டுக்கும் உள்ள வித்தியாசம் 2,400-க்கு மேல். அதிலும் பெரும்பங்கு சீசன் டிக்கெட்காரர்கள் வார நாள் இரவில் வராததால் வருவது. மழையைத் திட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், வர முடியாத சீசன் டிக்கெட்காரர் தன் இருக்கையை மறுவிற்பனைக்கு விட வழி செய்தால் கூடுதல் பலன் கிடைக்கும். கிரிக்கெட்டில் இந்தப் பங்கீடு தலைகீழாகலாம். அங்கே மழை ஆட்டத்தையே நிறுத்திவிடும், வாங்குபவர் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் சேர்த்துத்தான் யோசிப்பார்.

இந்த விகிதங்களுக்கு லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் போடும்போது, 8,000 பேரில் 5,760 பேர் வந்தார்கள் என்பதை 8,000 தனித்தனிச் சாட்சியாக மென்பொருள் எடுத்துக்கொள்ளும்; பிழை எல்லை நம்ப முடியாத அளவுக்குச் சின்னதாகக் காட்டும். எல்லோரும் நனைந்தது ஒரே மழையில், ஆகவே அது ஒரே சாட்சி. ஆட்டத்துக்கு ஒரு மிச்சம் என்று எடுத்து, ஆட்டங்களுக்கு இடையே உள்ள சிதறலிலிருந்து பிழையைக் கணக்கிடுங்கள்.

## 8. சோதனை

வரிகளைக் குலுக்கிப் போட்டு, பாதியில் பழக்கி மீதியில் சோதிப்பது இங்கே செல்லாது. அடுத்த சீசனின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முந்தைய சீசனைக் கணிக்கும் சொகுசு நிஜத்தில் இல்லை. முதல் மூன்று சீசனில் பழக்கி நான்காவதைக் கணியுங்கள், பிறகு நான்கிலும் பழக்கி ஐந்தாவதைக் கணியுங்கள். `lam` எவ்வளவு என்பதை முதல் சோதனையில் முடிவு செய்து, இரண்டாவதில் கை வைக்காமல் ஓட்டுங்கள்.

பக்கத்தில் ஒரு முட்டாள் மாடலும் ஓடட்டும்: அதே வகை எதிரணி, அதே கிழமை வகை, பழைய ஆட்டங்களின் சராசரி. இதைவிடச் சராசரிப் பிழை குறையவில்லை என்றால் மேலே சொன்ன வேலை எதுவும் தேவையில்லை, சராசரியையே பயன்படுத்துங்கள். 80 சதவீத எல்லை 19 ஆட்டத்தில் 15-ஐப் பிடிக்க வேண்டும்; 12 முதல் 18 வரை தற்செயலாகவே வரலாம். 10-க்குக் கீழே போனால் எல்லை மிகக் குறுகல். 19-உம் உள்ளே விழுந்தால் மகிழ வேண்டாம், எல்லை தேவைக்கு மேல் அகலமாக இருக்கக்கூடும், அதை வைத்து மேல் கேலரி முடிவை யாரும் எடுக்க முடியாது. விற்றுத் தீர்ந்த ஆட்டங்களைச் சராசரிப் பிழையில் சேர்க்காதீர்கள். அங்கே கணிப்பு 12,000 என்றிருந்தால் அது தவறா சரியா என்று யாராலும் சொல்ல முடியாது.

பிழைகளைக் கிழமை வாரியாகவும் அடுக்கிப் பாருங்கள். வார நாள் இரவுகளில் மட்டும் தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால், பெரும்பாலும் தேதி மாறிய ஆட்டங்கள் உள்ளே கலந்திருக்கும். வருகை விகிதம் ஒரே ஒரு ஆட்டத்தில் திடீரென்று பத்து புள்ளி விழுந்திருந்தால், மாடலைத் தொடும் முன் ஸ்கேனர் பதிவை எடுங்கள். ஆட்டம் தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போது வரிசை நீண்டுவிட்டால் கேட்டைத் திறந்துவிட்டு டிக்கெட்டைக் கண்ணால் மட்டும் பார்த்து அனுப்புவதுண்டு. நிமிட வாரியாகப் பார்த்தால் தெரியும்: ஒரு கேட்டில் நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது என்று ஓடிய எண்ணிக்கை, கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது எட்டு, பத்து நிமிடம் சுழியில் நிற்கும், பிறகு மறுபடி தொடங்கும். அந்த ஆட்டத்தின் வருகை எண்ணைக் காலியாக விடுங்கள். பக்கத்து கேட்டின் வேகத்தை வைத்து நிரப்பினால், நிரப்பிய எண் என்று ஒரு குறி போட்டு வையுங்கள்.